வீட்டுக்காரர் இருவர், டிடிஎஸ் ஒருவர் பேரில்

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து விடுதி நடத்தும் பார்ட்னர்ஷிப்பில் நான் கணக்கு எழுதுகிறேன். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி; மாத வாடகை 1,20,000. வசதிக்காக மொத்தமும் அண்ணன் வங்கிக் கணக்குக்குப் போகும். அதனால் லெட்ஜரும் அவர் பேரில் ஒன்றுதான் வைத்திருந்தேன். வாடகையிலிருந்து வருமான வரிக்காக டிடிஎஸ் மாதம் 12,000 பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, 2025 ஜூன் காலாண்டுக்கான டிடிஎஸ் அறிக்கையான 26Q-வை அவருடைய பான் எண்ணிலேயே போட்டேன். ஆகஸ்டில் வரி பிடித்ததற்கான 16A சான்றிதழும் கொடுத்தாகிவிட்டது.

சில நாளில் தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டார். "என் பேர்ல பிடிச்ச வரியைக் காட்டுற 26AS-ல ஒண்ணுமே வரலையே, அண்ணனுக்கு மட்டும்தான் கட்டினீங்களா?"

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆளுக்குப் பாதி என்று தெளிவாக எழுதியிருந்தது. பங்கு இப்படி உறுதியாக இருந்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டிய வாடகை வரம்பை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு மாதம் 50,000. இவர்கள் பங்கு 60,000 என்பதால் இருவருக்கும் 10 சதவீதம் பிடித்தாக வேண்டும், ஆளுக்கு 6,000. பங்கு 40,000 ஆக இருந்திருந்தால் பிடித்தமே இல்லை.

நல்லவேளையாக, கட்டிய பணத்தில் தப்பில்லை. சலானில் வரி பிடிப்பவர் என்ற முறையில் நம்முடைய டான் எண்தான் இருக்கும், வீட்டுக்காரர் பான் இருக்காது. யாருக்கு எவ்வளவு என்று சொல்வது 26Q மட்டும்தான். ஆகவே வட்டி கிடையாது. வருமான வரித்துறையின் டிரேசஸ் தளத்தில், ஏற்கெனவே போட்ட அறிக்கையின் விவரம் அடங்கிய கன்சோ கோப்பை இறக்கி, மூன்று மாதமும் அண்ணன் வரிசையை 60,000-க்கு 6,000 என்று மாற்றினேன். அதே சலான்களுக்குக் கீழே தம்பிக்கு மூன்று வரிசை புதிதாகச் சேர்த்து, திருத்த அறிக்கையாக ஏற்றினேன். குறை எதுவும் இல்லை என்று சொல்லும் `Processed without Default` வந்த பிறகுதான் அண்ணனிடமிருந்து பழைய 16A-வைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இருவருக்கும் ஆளுக்கு 18,000 என்று புதுச் சான்றிதழ் கொடுத்தேன்.

லெட்ஜரையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். மாதக் கடைசியில் வாடகை பற்று 1,20,000. ஒவ்வொருவர் பேரிலும் வரவு 54,000. டிடிஎஸ் செலுத்த வேண்டியது 12,000.

அப்படிப் புரட்டும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முகப்புச் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆலோசனை சொன்ன கட்டடக் கலைஞரின் பில், ஒரு லட்சம், ஜிஎஸ்டி தனியாக 18,000. ஜூன் 28-லேயே அவர் பேரில் வரவு வைத்திருந்தேன். பணம் கொடுக்கும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வரவு வைப்பது, பணம் கொடுப்பது இரண்டில் எது முந்தியோ அன்றே பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் 20-இல் 10,000 பிடித்தேன். ஜிஎஸ்டி பில்லில் தனியாக இருந்ததால் அதற்குப் பிடித்தம் இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் முழு மாதமாகவே கணக்காகும். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வீதம் வட்டி 300. இரண்டையும் அன்றே கட்டினோம். பிடித்த தேதி ஆகஸ்ட் என்பதால் அது செப்டம்பர் காலாண்டு 26Q-வில் போனது.