நாவலப்பிட்டி கோச்சியில் எடுத்த படத்துக்கு ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

கண்டியில் இருந்து பின்னேரம் நாவலப்பிட்டி போகிற கோச்சியில் இன்றும் நின்றுகொண்டேதான் வந்தேன். பேராதனையில் இன்னொரு கூட்டம் ஏறியதும் கையை அசைக்கவும் இடமில்லை, தோளில் இருந்த பை முன்னால் நின்றவரின் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு சிங்கள அம்மா என்னைப் பார்த்து "பேக் எக தென்ன துவே" என்று கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். அவர் மடியில் ஏற்கெனவே மூன்று பைகள். மடி, பைகள், அவற்றை அணைத்துப் பிடித்த கைகள், பின்னால் கம்பியைப் பிடித்தபடியே தூங்கும் ஒரு பொடியன், எல்லாம் விழ ஒரு படம் எடுத்தேன்.

மார்ச் 5, புதன்

படத்தைப் போட ஒரு வரி வேண்டும். 'களைத்த முகங்கள், கனிந்த மனங்கள்' என்று எழுதினேன். தங்கச்சி வாசித்துவிட்டு கல்யாண வாழ்த்து மடலா என்று கேட்டாள். சரிதான், களைப்பு படத்திலேயே இருக்கிறது, அதை நான் வேறு எழுத வேண்டுமா? அந்த வரியை எந்த ஊர் நெரிசல் படத்துக்கும் போடலாம்.

அப்புறம்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கிறவருக்கு அந்த அம்மா கடைக்குப் போய் நிறையச் சாமான் வாங்கி வருகிறவர் போலத்தான் தெரிவார். பைகள் மற்றவர்களுடையவை என்பது படத்தில் இல்லை, வரியில்தான் வர வேண்டும். அதுவும் முதல் வசனத்திலேயே, ஏனென்றால் போனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மிச்சத்தைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும், யார் திறக்கிறார்கள்.

'இந்த நான்கு பையில் ஒன்றுதான் இவருடையது.' இப்படி மாற்றி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அதே பெட்டியில் அவரைக் கண்டேன். படத்தைக் காட்டி, போடலாமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். சிரித்துவிட்டு முகம் வேண்டாம், கை போதும் என்றார். தூங்குகிற பொடியனிடம் நான் கேட்கவே இல்லை, அவனையும் வெட்டிவிட்டேன். படம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது, பரவாயில்லை.

இன்னொன்றும் சொன்னார், அவருடைய பை அன்று காலடியில் இருந்ததாம். கேட்காமல் போட்டிருந்தால் பிழையாகவே போயிருக்கும்! ஊரும் நேரமும் சேர்த்து, 'அன்பு', 'மனிதம்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசியில் போட்டது இதுதான்:

'மடியில் இருக்கும் நான்கு பையில் ஒன்றுகூட இவருடையது இல்லை. கண்டி – நாவலப்பிட்டி கோச்சி, செவ்வாய் பின்னேரம். நின்றவர்கள் கொடுத்தவை.'

தங்கச்சி பார்த்துவிட்டு அந்தச் சிவப்புப் பை யாருடையது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கம்பளையில் கூட்டத்துக்குள் இருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டு போனது.