கையெழுத்தோடு ஒரு வரி

திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் குற்ற வழக்குகள் நடத்திய பிறகு, பாளையங்கோட்டையில் சட்ட மாணவர்களுக்குப் பன்னாட்டுச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. பொது மன்னிப்பு பற்றிய பாடத்தை நான் எப்போதும் என் பழைய அலுவலகத்திலிருந்தே தொடங்குவேன். கோயில் கொடையில் மூண்ட தகராறு கொலையில் முடிந்து, ஓராண்டு கழித்து இரு குடும்பத்தாரும் ஒன்றாக வந்து, "வக்கீலய்யா, ஊர்ப் பெரியவங்க முன்னால பேசி முடிச்சாச்சு, கேஸ மட்டும் எடுத்துருங்க" என்று கேட்டதுண்டு. அடிதடியை நீதிமன்றத்தின் வழியாகச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். கொலையை அப்படி முடிக்க முடியாது, ஏனென்றால் அது அரசின் வழக்கு. இருவர் செய்துகொள்ளும் உடன்பாடு மூன்றாமவரைக் கட்டாது என்பதை மாணவர்கள் இதிலிருந்து உடனே பிடித்துக்கொள்வார்கள்.

உள்நாட்டுப் போரில் சிக்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் நடந்தது பெருமளவு இதுதான். 1999 ஜூலை 7 அன்று டோகோவின் லோமே நகரில் அந்நாட்டு அரசும் ஆர்.யு.எஃப். என்ற புரட்சிகர ஐக்கிய முன்னணிக் கிளர்ச்சிப் படையும் கையெழுத்திட்ட உடன்பாட்டின் ஒன்பதாம் பிரிவு, தேசத்துரோக வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவுக்கு முழு மன்னிப்பு வழங்கியதோடு, போரிட்ட எல்லாத் தரப்பினர் மீதும் வழக்குத் தொடுப்பதில்லை என்றும் உறுதியளித்தது. தண்டனைக்குப் பதிலாக உண்மையாவது வெளிவரட்டும் என்று அதே உடன்பாடு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கும் வழிசெய்தது. ஐ.நா.வின் சார்பில் கையெழுத்திட்ட பிரான்சிஸ் ஒகேலோ, இன அழிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் முதலியவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்பதே ஐ.நா.வின் புரிதல் என்று கையால் எழுதிச் சேர்த்தார்.

கையால் எழுதிய அந்த வரிதான், பின்னால் ஐ.நா.வும் சியரா லியோனும் சேர்ந்து போர்க்குற்றங்களை விசாரிக்க அமைத்த சிறப்பு நீதிமன்றத்துக்குக் கதவைத் திறந்தது என்று பல ஆண்டுகள் பாடம் நடத்திவந்தேன். கேட்பதற்குச் சுவையான கதை, ஆனால் தவறு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, அந்த நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு இந்த மன்னிப்பு பற்றி 2004 மார்ச் 13 அன்று வழங்கிய முடிவைப் படித்துவிட்டு வந்து, "இதில் நீங்கள் சொன்ன காரணம் இல்லையே, சார்?" என்று கேட்டாள். அன்றிரவு அதை முழுதாகப் படித்தேன். லோமே உடன்பாடு ஓர் அரசுக்கும் அதன் மண்ணிலேயே போரிட்ட குழுவுக்கும் இடையிலானது, எனவே அது பன்னாட்டு உடன்படிக்கையே அல்ல என்றார்கள் நீதிபதிகள். உலகின் எந்த நாடும் விசாரிக்கக்கூடிய குற்றங்களை ஒரு நாடு தன்னளவில் மன்னித்தால், அது பிற நாடுகளையோ பன்னாட்டு நீதிமன்றத்தையோ கட்டாது என்பது அவர்களின் அடுத்த காரணம். என் கொலை வழக்கு உவமையைத்தான் அவர்கள் சட்டமொழியில் எழுதியிருந்தார்கள். நானோ அதை விட்டுவிட்டு ஒரு வரியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

இத்தகைய மன்னிப்பைப் பன்னாட்டுச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்துவிட்டது என்று அந்த முடிவு சொல்லவில்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். அப்படி ஒரு விதி உருவாகி வருகிறது என்ற அளவில் அது நின்றுகொண்டது. உள்நாட்டுப் போர்களைப் பற்றிய 1977ஆம் ஆண்டு ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை, போர் முடிந்தபின் இயன்ற அளவு பரந்த மன்னிப்பு வழங்க அரசுகள் முயல வேண்டும் என்றே சொல்கிறது. அது ஆயுதம் ஏந்தியதற்கான மன்னிப்பே தவிர போர்க்குற்றத்துக்கானது அல்ல என்று செஞ்சிலுவைச் சங்கம் விளக்கியிருக்கிறது.

ஆகவே லோமே மன்னிப்பு முழுவதும் செத்துவிடவில்லை. சிறப்பு நீதிமன்றச் சட்டத்தின் பத்தாம் பிரிவு பன்னாட்டுக் குற்றங்களுக்கு மட்டுமே மன்னிப்பை ஒதுக்கித் தள்ளியது. ஐந்தாம் பிரிவில் இருந்த உள்நாட்டுக் குற்றங்களை, அதாவது தீவைப்பு, சிறுமியர் மீதான கொடுமை ஆகியவற்றை, அது தொடவில்லை. அந்த ஐந்தாம் பிரிவின்கீழ் ஒருவர் மீதுகூடக் குற்றம் சாட்டப்படவில்லை. நீதிமன்றம் குற்றம் சாட்டியது மொத்தம் 13 பேர் மீது. ஆயிரக்கணக்கான சாதாரணப் போராளிகளுக்கு அந்த மன்னிப்பு சொந்த நாட்டில் அப்படியே நின்றது.

இடிபட்டது உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்தான். மன்னிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் 2000 பிப்ரவரியில் அதற்குச் சட்டம் இயற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆர்.யு.எஃப். ஐ.நா. அமைதிப் படையினரை நூற்றுக்கணக்கில் பிடித்துவைத்தது. அதற்குப் பிறகே சியரா லியோன் அதிபர் கப்பா நீதிமன்றம் கேட்டு ஐ.நா.வுக்கு எழுதினார். 2003இல் ஆணையமும் நீதிமன்றமும் தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரே காலத்தில் இயங்கின. வாய் திறந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சுபவரிடம் ஆணையம் எதைக் கேட்டு வாங்கும்? மன்னிப்பைப் பின்னால் மறுத்தது தவறு, இனி எந்தப் போராளியும் இப்படிப்பட்ட உடன்பாட்டை நம்பமாட்டான் என்று அது தன் அறிக்கையிலேயே வருந்தியது. இந்த இடத்தில் என் மனம் ஆணையத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, வழக்குரைஞனாக இருந்தும்.

சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டிக் காவலில் வைத்திருந்த முன்னாள் அமைச்சர் சாம் ஹிங்கா நார்மன் ஆணையத்தின் முன் பொதுவில் பேச விரும்பினார். விசாரணை நிலுவையில் இருக்கும்போது அது கூடாது, வேண்டுமானால் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கலாம் என்று 2003 நவம்பரில் நீதிபதி ஜெஃப்ரி ராபர்ட்சன் உத்தரவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவரின் பாதுகாப்பை நினைத்தால் நானும் என் கட்சிக்காரரிடம் அதைத்தான் சொல்லியிருப்பேன். நார்மன் 2007 பிப்ரவரியில், தீர்ப்பு வருமுன், காவலிலேயே இறந்தார். ஆணையத்தின் அறிக்கை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டிருந்தது.