கிணற்றடி வாழையும் பதினொரு குட்டிகளும்

விவசாயப் போதனாசிரியராக நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், நீர்வேலியில் ஒரு வளவுக்குப் போய், வாழைப் புதரைத் துப்புரவாக்கித் தருவதாக ஏற்றுக்கொண்டு, நான்கு குட்டிகளைக் கிழங்கோடு அலவாங்கால் கிளப்பி எடுத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று மனநிறைவோடுதான் திரும்பினேன். குலை முற்றுவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் சோளகக் காற்று எழும்பியபோது தாய்மரம் வேரோடு சாய்ந்தது. செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் கிட்டவே இருக்கும் காணிகளில் வாழையின் வேர் ஆழமாகப் போவதில்லை. குட்டியைத் தோண்டிய ஒவ்வொரு குழியிலும் தாயின் வேரில் ஒரு பங்கு அறுந்து போயிருந்ததை நான் யோசிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இன்னொரு வளவில், கிணற்றடியில் நின்ற இதரை வாழைப் புதரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். குலை போட்டு ஒரு மாதம் ஆன தாய்மரம் ஒன்றும், முந்திய முறை வெட்டிய மரத்தின் அழுகிய அடிக்கட்டை ஒன்றும், அவற்றைச் சுற்றிப் பதினொரு குட்டிகளும் நின்றன. கிணற்றுத் தண்ணீரும் சாம்பலும் தாராளமாகக் கிடைக்கும் இடமென்பதால் எல்லாமே செழிப்பாக இருந்தன. அவற்றில் மிக அழகாகத் தெரிந்தவை பழைய அடிக்கட்டையை ஒட்டி வந்த மூன்று குட்டிகள். முழங்கால் உயரத்திலேயே அவற்றின் இலைகள் அகன்று விரிந்திருந்தன.

அவற்றைத்தான் முதலில் கழிக்க வேண்டும் என்று சொன்னதும் வளவுக்காரியான ஆச்சிக்கு மனம் ஒப்பவில்லை. “தம்பி, உது நல்லாய்த்தானே வந்திருக்கு, உந்தக் குச்சியனை விட்டிட்டு இதை வெட்டச் சொல்லுறியளே” என்றார். அவர் குச்சியன் என்றது, இடுப்பளவு உயர்ந்தும் இலைகள் வாள்போல ஒடுங்கி நின்ற ஒரு குட்டியை. நான் இரண்டின் அடியிலும் மண்ணைக் கையால் விலக்கிக் காட்டினேன். அகன்ற இலைக் குட்டியின் அடி மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருந்தது. கிழங்கு சிறியது, பழைய கட்டையோடு இருந்த தொடுப்பும் பலவீனமானது. தாயிடமிருந்து போதிய உணவு கிடைக்காததால்தான் அது அவசரப்பட்டு இலையை அகட்டித் தானாகப் பிழைக்கப் பார்க்கிறது. ஒடுங்கிய இலைக் குட்டியோ தாயின் கிழங்கோடு உறுதியாக ஒட்டி, அடி பருத்து, மேலே கூம்பி, மண்ணுக்குள் ஆழத்திலிருந்து வந்திருந்தது. அடுத்த நல்ல குலை இதிலிருந்துதான் வரும்.

மீதி எட்டில் அதுபோன்றவை இரண்டே இருந்தன. மற்ற ஆறில் சில கிழங்கு வெளியே தெரிய மேலாக வந்தவை. அவற்றை விட்டால் புதர் ஆண்டுக்காண்டு நிலத்துக்கு மேலே ஏறிக் காற்றுக்கு ஆடும். சில குலை தொங்கும் பக்கத்தில், தாயை முட்டிக்கொண்டு நின்றன. வாள் இலைக் குட்டிகள் இரண்டில், குலைக்கு எதிர்ப்பக்கமாக இருந்ததையே நிறுத்தினேன். மற்றதைத் தன் மகள் வீட்டில் நட வேண்டும் என்று ஆச்சி கேட்டார். அதை இப்போது கிளப்பினால் என் பழைய தவறே திரும்பும் என்பதால், குலை வெட்டும்வரை முழங்காலுக்குக் கீழாக இலையை அவ்வப்போது நறுக்கிவிடச் சொன்னேன். நிழலும் போட்டியும் குறையும், கிழங்கு உயிரோடு இருக்கும்.

ஒன்பது குட்டிகளை அகற்றுவதிலும் ஒரு சங்கதி உண்டு. கத்தியால் தரையோடு வெட்டினால் வேலை முடியாது. நாம் தண்டு என்று காண்பது சுற்றிய இலை மடல்களே. வளரும் முனை கிழங்கின் உச்சியில், மண்ணுக்குள் இருக்கிறது. ஆச்சி நம்பவில்லை என்பதால் ஒரு குட்டியை வெட்டிவிட்டு மறுநாள் வந்து பார்க்கச் சொன்னேன்: வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து வெளிர்பச்சை நிறத்தில் சுருட்டிய இலை ஒரு விரல் நீளத்துக்கு மேலெழும்பி நின்றது. ஆகவே தரையோடு வெட்டிய பின், ஒடுங்கிய வாயுள்ள இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஒரு சுற்றுச் சுழற்றி, வெள்ளையான அந்த முனையைத் தோண்டி எறிய வேண்டும். சிலர் அந்தக் குழியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் கிணற்றுக்கு இவ்வளவு அருகில் நான் அதைச் சொல்வதில்லை.

வேலையைத் தொடங்குமுன் இலைகளைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். புதிய இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் ஒன்றாகக் குவிந்தும், இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் ஓடியும் இருந்தால் குட்டியைத் தெரிவுசெய்வதற்கு அங்கே இடமில்லை. அது கிழங்கினூடாகப் புதர் முழுவதும் பரவும் வைரசு நோய். செடிப்பேன் அதை அடுத்த புதருக்கும் கொண்டுபோகும். புதரையே வேரோடு அழிக்க வேண்டியதுதான். இந்த வளவில் அது இல்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது ஒன்பதில் ஒன்று மட்டும் மறுபடி துளிர்த்திருந்தது. ஆச்சி தானே கம்பி போட்ட குட்டி அது; முனையை விட்டு ஒரு விரலகலம் தள்ளிக் குத்தியிருந்தார். தாய்மரத்தைக் குலை வெட்டும்போது அடியோடு சாய்க்காமல் நெஞ்சளவு உயரத்தில் விட்டு, அதிலுள்ள சாரத்தைக் குட்டி உறிஞ்சிய பிறகு வெட்டச் சொன்னேன். “அப்ப வாழைத்தண்டுக் கறிக்கு என்ன செய்யிறது தம்பி?” என்றார். மேற்பாதி போதும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு குட்டியின் நடுவில் கம்பியைத் திரும்பவும் இறக்கினேன்.