சனி, ஞாயிறை நீக்கி டிக்கெட் நேரத்தைக் கணக்கிட்டபோது

எங்கள் சேவைப் பிரிவில் ஒரு டிக்கெட் திறக்கப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அதை முடித்தாக வேண்டும். சனியும் ஞாயிறும் கணக்கில் சேராது. மற்ற ஐந்து நாள்களிலும் இரவு பகல் என்ற பேதமின்றி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எக்செல் தாளில் A பத்தியில் திறந்த நேரமும் B பத்தியில் முடித்த நேரமும் இருந்தன. எந்தெந்த டிக்கெட்டுகள் கெடுவைத் தாண்டின என்று கண்டுசொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் `=B2-A2` என்று கழித்து, கட்டத்தின் வடிவத்தை `h:mm` என மாற்றினேன். முதல் டிக்கெட் வெள்ளி மாலை 4:30க்குத் திறக்கப்பட்டு, திங்கள் காலை 10:15க்கு முடிக்கப்பட்டது. விடை 17:45 என்று வந்தது. வெள்ளி நள்ளிரவு வரை ஏழரை மணி நேரம், திங்களன்று பத்தேகால் மணி நேரம், ஆகப் பதினேழே முக்கால் என்று கையாலும் கூட்டிப் பார்த்தேன்; பொருந்தியது. வார விடுமுறையை நீக்க நான் எதுவுமே செய்யாதபோது விடை எப்படிச் சரியாக வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அடுத்த வரிசையில் திங்கள் காலை 9 மணிக்குத் திறந்து புதன் காலை 11 மணிக்கு முடித்த டிக்கெட்டுக்கு 2:00 என்று காட்டியபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

எக்செல் நேரத்தை நாள் கணக்கில் வைத்திருக்கிறது: ஒரு முழு நாள் 1, நண்பகல் 0.5. `h:mm` வடிவம் முழு நாள்களை விட்டுவிட்டு, எஞ்சிய பின்னத்தை மட்டுமே காட்டும். வெள்ளி முதல் திங்கள் வரை உண்மையில் 65:45 மணி நேரம். அதில் இரண்டு முழு நாள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. சனியும் ஞாயிறும் சேர்ந்தால் அதே இரண்டு முழு நாள்கள்தானே! அதனால்தான் பிழையான முறை சரியான விடையைத் தந்தது. முழு நேரத்தையும் காண `[h]:mm` என்று எழுத வேண்டும், அல்லது 24ஆல் பெருக்கிக் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பெருக்கிய பிறகும் பழைய வடிவத்தை அப்படியே விட்டால், 17.75 என்பது 18:00 என்று தெரியும்.

அடுத்து, வேலை நாள்களை எண்ணும் `NETWORKDAYS` சார்பைப் பயன்படுத்தினேன்.

```
=(NETWORKDAYS(A2,B2)-1+MOD(B2,1)-MOD(A2,1))*24
```

`MOD(A2,1)` என்பது அந்த நாளில் நள்ளிரவிலிருந்து கடந்த பகுதி. மேற்கண்ட இரண்டு டிக்கெட்டுகளுக்கும் 17.75, 50 என்று சரியாகவே வந்தது. ஆனால் சனி காலை 11 மணிக்குத் திறந்து திங்கள் காலை 9 மணிக்கு முடித்த ஒன்றுக்கு -2 வந்தது. எதிர்மறை எண் வந்தால் பிழை தானே தெரிந்துவிடும். எனக்குக் கவலை தந்தது அதற்குக் கீழே இருந்த வரிசை. சனி காலை 9 மணி முதல் திங்கள் பிற்பகல் 2 மணி வரை 5 மணி நேரம் என்று அது சொன்னது. பார்வைக்கு நம்பத்தகுந்த எண்தான், ஆனால் சரியான விடை 14. சனிக்கிழமை நாளாக எண்ணப்படவே இல்லை. அப்படியிருந்தும் அந்த நாளின் ஒன்பது மணி நேரம் திங்களிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது.

ஆகவே, தொடக்கமோ முடிவோ வேலை நாளில் விழுந்தால் மட்டுமே அந்தப் பின்னத்தைக் கழிக்க வேண்டும் என்று சூத்திரத்தைத் திருத்தினேன்.

```
=ROUND((NETWORKDAYS(A2,B2)
 -IF(NETWORKDAYS(A2,A2),MOD(A2,1),0)
 -IF(NETWORKDAYS(B2,B2),1-MOD(B2,1),0))*24,2)
```

இதன் போக்கு எளிது. இடைப்பட்ட வேலை நாள்களை முழுதாக எடுத்துக்கொண்டு, முதல் நாளில் டிக்கெட் திறப்பதற்கு முந்தைய பகுதியையும், கடைசி நாளில் முடித்ததற்குப் பிந்தைய பகுதியையும் வெட்டிவிடுகிறோம். `NETWORKDAYS(A2,A2)` வேலை நாளில் 1 என்றும் விடுமுறையில் 0 என்றும் தருவதால், சனிக்கிழமையில் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. இப்போது அந்த இரண்டு சனிக்கிழமை டிக்கெட்டுகளுக்கும் 9, 14 என்று வந்தன. வெள்ளிக்கிழமை டிக்கெட் 17.75 என்றே நின்றது.

`ROUND` சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நாளின் பின்னங்கள் பலவற்றைக் கணினி துல்லியமாகச் சேமிக்க இயலாது; சரியாக 24 மணி நேரத்தில் முடிந்த டிக்கெட் 24ஐ மயிரிழையில் தாண்டியதாகக் கணக்காகி, கெடு தவறியதாகப் பதிவாகலாம்.

அரசு விடுமுறைகளையும் நீக்க வேண்டுமானால், அத்தேதிகளின் பட்டியலை `$F$2:$F$15` என்பது போல மூன்றாவது உள்ளீடாகக் கொடுக்கலாம். ஆனால் அதை மூன்று `NETWORKDAYS`களிலும் கொடுக்க வேண்டும். முதலாவதில் மட்டும் கொடுத்தால், விடுமுறை நாளில் திறந்த டிக்கெட்டுக்குப் பழைய சனிக்கிழமைப் பிழையே திரும்பி வரும். அலுவலக நேரமான 9 முதல் 5 வரை மட்டுமே கணக்கிடும் ஒப்பந்தத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு நாளின் இரு முனைகளையும் தனியே வெட்ட வேண்டியிருக்கும்.