அப்புவின் முதல் ஏகாதசி

மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் வைக்க இடம் இருக்காது. வைகுண்ட ஏகாதசிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். அந்த வருடம் சென்னையிலிருந்து என் அண்ணன் பையன் அப்புவும் வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டான்: "அத்தை, இந்தத் தடவை நானும் உபவாசம் இருக்கலாமா?"

பாட்டி முகத்தைச் சுளித்தாள். தாத்தா மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை வயசு உனக்கு?" என்றார்.

"எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்கறது."

"அப்போ இருக்கலாம். எட்டு வயசுக்கு மேலே, எண்பது வயசுக்குள்ளேன்னுதான் பெரியவா சொல்லியிருக்கா. ஆனா என்னை மாதிரி இருக்கக் கூடாது."

தாத்தா ஏகாதசி அன்று துளசி தீர்த்தம் தவிர எதுவும் தொடமாட்டார். அப்புவுக்குப் பாட்டி வேறு சட்டம் போட்டாள். அரிசி கூடாது. தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். பால் மூன்று வேளை, வாழைப்பழம் இரண்டு. தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ உடனே சொல்ல வேண்டும். "சொல்லாம மறைச்சா உபவாசம் அப்பவே முடிஞ்சு போச்சு" என்றாள். இது மற்றக் குழந்தைகளுக்கும் நல்ல சட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'அரிசி கூடாது' என்பது சுலபம் என்று அப்பு நினைத்துவிட்டான். விடிந்ததும்தான் தெரிந்தது, அரிசி எத்தனை வேஷத்தில் வரும் என்று! பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முறுக்கை நீட்டினான். அப்பு கை நீட்டி வாங்கி, வாய்வரை கொண்டுபோய்விட்டான்.

"அப்பு! முறுக்கு எதுல பண்றது?" என்று கத்தினேன்.

கை அப்படியே நின்றது. "மாவுல..." என்றான். அப்புறம், "அரிசி மாவுலயா?" என்று கேட்டான். முறுக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். இட்லி அரிசி. தோசை அரிசி. ஆப்பம் அரிசி. பொரிகூட அரிசிதான்.

"அவல்?"

"அதுவும் நெல்லுலேர்ந்துதான் வர்றது. சில வீட்டுல அவல் சாப்பிடுவா. நம்ம வீட்டுல வழக்கமில்லை" என்றாள் பாட்டி.

"அப்போ ஜவ்வரிசியும் கூடாதா? பேர்லயே அரிசி இருக்கே!"

பாட்டி சிரித்துவிட்டாள். ஜவ்வரிசியில் பெயர் மட்டும்தான் அரிசி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்தப் பாலில் படியும் மாவை உருட்டி வறுத்துச் செய்வது அது. சேலம் பக்கம் நிறைய செய்கிறார்கள். அதைக் கேட்டதும் அப்பு, "அப்போ அது பொய் அரிசி!" என்று குதித்தான். ஆனால் பாட்டி அதையும் தரவில்லை என்பது வேறு விஷயம்.

விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும்போது நாங்கள் போகவில்லை. அந்த நெரிசலில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். வீட்டு வாசலில் நின்றபடி ஒலிபெருக்கியில் கேட்டோம். வாசல் திறந்ததும் "ரங்கா! ரங்கா!" என்று ஒரு பெரிய சத்தம் எழுந்து, தெருத் தெருவாக எங்கள் வீடு வரை வந்தது. திண்ணையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று அதையே சொன்னார்கள். அவர்களில் நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டியும் இருந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் "ரங்கா" எல்லோருக்கும் பொதுவாயிற்றே.

மதியத்துக்கு மேல் வரிசையில் போய் நின்றோம். சொர்க்க வாசல் அன்று ஒரு நாள்தான் திறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசியிலிருந்து தொடங்கும் பத்து நாள் இராப்பத்து உற்சவத்தில் பெரும்பாலான நாட்களிலும் அந்த வாசல் வழியாகப் போகலாம். அதனால் முட்டி மோத வேண்டிய அவசியமே இல்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்கள் அடுத்த நாட்களில் வருவது உத்தமம்.

வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. எங்கிருந்தோ பஜ்ஜி வாசனை வேறு. அப்பு மூக்கைப் பொத்திக்கொண்டான். பசியை மறக்கட்டும் என்று தாத்தா அம்பரீஷ மகாராஜாவின் கதையைச் சொன்னார்.

அம்பரீஷன் ஏகாதசியில் உபவாசம் இருந்து, மறுநாள் துவாதசியில் சாப்பிட்டு விரதத்தை முடிப்பவன். அப்படி முடிப்பதற்குத்தான் பாரணை என்று பெயர். துவாதசி திதி முடிவதற்குள் பாரணை செய்துவிட வேண்டும். ஒரு தடவை சாப்பிடப் போகும் நேரத்தில் துர்வாச முனிவர் வந்தார். கோபக்கார முனிவர். "குளித்துவிட்டு வருகிறேன்" என்று யமுனைக்குப் போனவர் வரவே இல்லை. திதியோ முடியப்போகிறது. விருந்தாளியை விட்டுச் சாப்பிட்டால் தப்பு, சாப்பிடாவிட்டால் விரதம் கெடும்.

"அப்புறம் என்ன பண்ணினார்?" வரிசையில் முன்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தீர்த்தம் மட்டும் குடிச்சார். தண்ணி குடிச்சா சாப்பிட்ட கணக்கும் உண்டு, சாப்பிடாத கணக்கும் உண்டு!"

துர்வாசருக்குக் கோபம் வந்ததும், சக்கரம் அவரைத் துரத்தியதும் பெரிய கதை. அதைக் கேட்பதற்குள் அப்புவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, எனக்குத் தலை லேசா சுத்தறது" என்றான். நல்ல வேளை, மறைக்கவில்லை. ஓரமாக உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து சர்க்கரை போட்ட பாலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவன் அழுதான். "என் உபவாசம் போச்சா?"

"பால் உன் சட்டத்துலயே இருக்கேடா. எங்கே போகும்?" என்றார் தாத்தா.

பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. மறுபடி வரிசை. பரமபத வாசலைத் தாண்டி, மணல்வெளியைக் கடந்து, ஆயிரங்கால் மண்டபத்துக்குள் போனோம். அப்புவைத் தாத்தா தோளில் தூக்கிக்கொண்டார். எழுபது வயதில், வெறும் வயிற்றோடு! வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

உள்ளே உற்சவர் நம்பெருமாள் ரத்னாங்கியில் இருந்தார். உடம்பு முழுக்கக் கற்கள் பதித்த கவசம். விளக்கு அசையும்போதெல்லாம் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று ஓடின. பாசுரம் பாடும் அரையர், கூம்பு மாதிரி உயரமான குல்லாயும் கையில் தாளமுமாக நின்றார். அப்புவுக்குப் பெருமாளைப் பார்ப்பதா, குல்லாயைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. சேவித்துவிட்டு வெளியே வந்ததும் அவன் சொன்னது: "அத்தை, பசி எங்கேயோ போயிடுத்து." வீட்டுக்கு வந்ததும் அது திரும்பி வந்தது. ஒரு பழம் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கே தூங்கிப்போனான். கண் விழிப்பதெல்லாம் தாத்தாவின் வேலை.

மறுநாள் துவாதசி. நாலு மணிக்கே பாட்டி தளிகையைத் தொடங்கிவிட்டாள். அன்று சமையலில் புளி கிடையாது. சாத்தமுதில், அதாவது ரசத்தில்கூட, எலுமிச்சைதான். வெறும் வயிற்றுக்குப் புளி ஆகாது என்பாள். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் கட்டாயம். கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய் சேர்த்து, கசப்பு கொஞ்சம் மட்டுப்பட வெல்லத்தில் ஒரு சிட்டிகை போட்டாள். நெல்லிக்காயை அரைத்துத் தயிரில் கலந்து பச்சடி. அப்பு கேட்டதற்காக முழு நெல்லிக்காயும் நாலு எடுத்து வைத்தாள்.

தாத்தா பஞ்சாங்கத்தைப் பார்த்து, "எட்டு இருபதுக்குள்ள பாரணை ஆகணும்" என்றார். துவாதசியில் ஒரு விருந்தாளியோடு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின ராத்திரியே தாத்தா அந்த நெல்லூர்ப் பாட்டியைத் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அழைத்திருந்தார். அவள் காவிரியில் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி, அம்மா மண்டபத்துக்குப் போயிருந்தாள்.

ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. நெல்லூர்ப் பாட்டி வரவில்லை. இலை போட்டாயிற்று, கீரையின் வாசனை கூடம் முழுக்க. அப்பு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். எட்டு பத்துக்குத் திடீரென்று நின்றான்.

"தாத்தா! துர்வாசர்!"

தாத்தாவுக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் உரக்கச் சிரித்தார். வீட்டுப் பெருமாள் சன்னிதியிலிருந்து துளசி தீர்த்தத்தை எடுத்து வந்து, அப்புவின் உள்ளங்கையில் ஒரு உத்தரணி விட்டார். அப்பு உறிஞ்சிக் குடித்தான். தாத்தாவும் குடித்தார். பாரணை ஆயிற்று. சாப்பாடு அப்படியே இருந்தது.

எட்டேமுக்காலுக்கு வந்து சேர்ந்தாள், ஈரப் புடவையோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் தெரிகிறது, எது நம் தெரு என்றே தெரியவில்லை என்று கையை ஆட்டிச் சொன்னாள். மொத்தம் இருபத்தொரு கோபுரம் இருக்கும் ஊரில் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கோபக்காரி இல்லை. தான் தாமதித்ததற்கு அப்புவின் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னாள்.

அப்புவும் அவளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். கீரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அவிசாக்கு!" என்றாள். அங்கே அகத்திக்கு அதுதான் பெயராம். அப்பு ஒரு வாய் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "மூணு வாய் சாப்பிட்டா போதும்" என்று பாட்டி இறங்கி வந்தாள். மூன்றை எண்ணி விழுங்கினான். அப்புறம் சாதம், சாத்தமுது, மறுபடி சாதம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் முழு நெல்லிக்காயை எடுத்து, "பாட்டி, இதைக் கடிச்சுட்டுத் தண்ணி குடிங்கோ" என்று அவளுக்கு ஒன்று கொடுத்தான். அவள் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால் தானே ஒன்றைக் கடித்து, மென்று, தண்ணீர் குடித்துக் காட்டினான். அவளும் அப்படியே செய்தாள். ஒரு மடக்கு குடித்ததும் கண்கள் அகலமாயின.

"தீயகா உந்தி!" என்றாள்.

"ஐயையோ, அடுப்பில் பாலை வெச்சேனே!" என்று பாட்டி சமையலறைக்கு ஓடினாள்.

தாத்தாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஒண்ணும் தீயலை, வா! தெலுங்குல தீயகான்னா தித்திப்பு!"