சாவியைத் தொலைத்தது நான்தான், ஆனால் முழுப் பூட்டுக்கும் நானா பணம் கட்டுவது?

தொலைந்த பையில் வீட்டுச் சாவி மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். முகவரி அச்சிட்ட ஒரு கடிதமும் அதில் இருந்தது. பையை எடுத்தவர் கையில் சாவியும் இருக்கிறது, அது எந்தக் கதவுக்கு என்றும் தெரியும். இன்னொரு சாவி செய்துகொள்வதால் இது தீராது.

அன்று இரவே வீட்டு உரிமையாளருக்குச் செய்தி எழுதினேன். சாவி எப்போது தொலைந்தது, குடிவந்தபோது கொடுத்த 3 சாவிகளில் எத்தனை மிச்சம் என்பதைச் சொல்லி, நானே ஆளை வைத்துப் பூட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். கேட்காமல் மாற்றினால் அவருடைய சாவி அவர் கதவுக்கே சேராமல் போய்விடும். அது வேறு சண்டை.

காலையில் பதில் வந்தது. "மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பூட்டு, கைப்பிடி எல்லாமே புதிதாகப் போட வேண்டும். தொலைத்தது நீங்கள்தானே, செலவும் உங்களுடையதுதான்."

தொலைத்ததற்கு நான் பொறுப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. 'எல்லாமே' என்பதுதான் உறுத்தியது.

பூட்டுக்காரர் வந்து கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் சாவித் துளைக்கு நேராக இருந்த ஒரே ஒரு நீளமான ஸ்க்ரூவைக் கழற்றினார். சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்ததும், சாவி நுழையும் சிலிண்டர் மட்டும் கையோடு வந்துவிட்டது. "உங்கள் பழைய சாவி செல்லாமல் போக இதை மாற்றினால் போதும். கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்தார்: உள்ளே 35, வெளியே 45 மில்லிமீட்டர். அளவு தவறி வெளிப்பக்கம் நீண்டுகொண்டிருந்தால், குறடால் பிடித்து உடைத்துவிடலாமாம்.

கைப்பிடி ஆடுவது உண்மைதான். ஆனால் அது நான் சில மாதங்களுக்கு முன்பே படத்தோடு எழுதிக் கேட்ட பழுது. தேய்ந்துபோனதற்கும் தொலைந்த சாவிக்கும் என்ன தொடர்பு? அந்தப் பழைய செய்தியையும், பூட்டுக்காரர் சிலிண்டர், கூலி, கைப்பிடி என்று பிரித்து எழுதிய மதிப்பீட்டையும் சேர்த்து உரிமையாளருக்கு அனுப்பினேன். சிலிண்டரும் அதை மாட்டும் கூலியும் என்னுடையது, கைப்பிடி உங்களுடையது என்று எழுதினேன். வாக்குவாதம் வரும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "சரி, கைப்பிடிக்கான தொகையை அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் காலி செய்யும்போது முன்பணத்தில்தான் இந்தக் கணக்கு வந்து நின்றிருக்கும்.

புதிய சிலிண்டரைப் பூட்டியதும் கதவைத் திறந்து வைத்தே எல்லாச் சாவிகளையும் போட்டுச் சோதித்தோம். மூடிய பிறகு சிக்கினால் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு சாவியையும் பழைய சிலிண்டரையும் உரிமையாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கினேன்.