ஈரம் ஏறும் சுவரில் மரப் பேனல்

வன்னியில் சுவர்ப் பேனல் வேலைக்குப் பெரும்பாலும் கோடையில்தான் அழைப்பார்கள். அப்போது எந்தச் சுவரும் பார்வைக்குக் காய்ந்ததுபோலத்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே சுவர் அடியிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். ஆகவே பசையா, திருகாணியா என்று யாராவது கேட்டால், முதலில் சுவரின் மாரிக்காலக் கதையைத்தான் விசாரிப்பேன்.

கிளிநொச்சியில் ஒரு துணிக்கடை. பணம் வாங்கும் மேசைக்குப் பின்னாலுள்ள 10 அடிச் சுவரை மறைப்பதற்கு உரிமையாளர் ஐந்து பேனல்கள் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் 2 அடி அகலம், 8 அடி உயரம். கறுப்பு விரிப்பின்மேல் எம்.டி.எஃப் வரிகளை நெடுக்காகப் பதித்த வகை.

"தம்பி, பசை தடவி ஒட்டினால் அரைநாள் வேலைதானே?" என்றார்.

"சுவர் சம்மதித்தால் ஒட்டலாம் அண்ணை" என்றேன்.

முழங்கால் உயரத்தில் பெயின்ற் கொப்பளித்திருந்தது. அதன் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒட்டுநாடா ஒன்றை அழுத்தி இழுத்தேன். பெயின்றும் பொடியான சாந்தும் சேர்ந்து கையோடு வந்தன. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடிப்பது இந்தத் தோலைத்தான். தோல் கழன்றால் பேனலும் கழன்றுவிடும். தண்ணீரில் கெடாத பிளாஸ்டிக் கலவைப் பேனலுக்கும் இதுவே பொருந்தும், ஏனென்றால் கழல்வது சுவரின் பக்கம்.

பிறகு ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் இறுக்கி மூடினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. துளி வெளிப்புறத்தில் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். உட்புறத்தில் நின்றால் சுவரிலிருந்து வருவது. கொளுத்தும் வெயில் காலத்திலேயே இப்படியென்றால் கார்த்திகையில் கேட்க வேண்டியதில்லை.

காரணம் வெளியே இருந்தது. பின்வளவில் கொட்டிய மண் கடையின் தரைமட்டத்துக்கு மேலே ஏறி நின்றது. பீலி இல்லாத கூரைநீரும் அதே இடத்தில் விழுந்தது. மண்ணைத் தரைமட்டத்துக்கு அரையடி கீழே வரை வெட்டி, பீலி போடச் சொன்னேன். பொருக்கு விட்ட சாந்தை உளியால் கொத்தி எடுத்தோம். சுவர் முழுதாக உலர்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று தொழிலில் கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு காலம் கடையை மூடிவைக்க முடியாது. நீர் வரும் வழி அடைபட்டு, பின்னால் காற்று ஓட இடமும் இருந்தால், சட்டத்தில் பூட்டிய பேனலுக்குப் பின்னால் சுவர் தன்பாட்டில் உலர்ந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வரிகள் நெடுக்காக ஓடினால் அவற்றைத் தாங்கும் சட்டங்கள் குறுக்காகப் போக வேண்டும். குறுக்குச் சட்டமோ கீழிருந்து மேலே போகும் காற்றை மறித்துவிடும். அதனால் 2 அங்குலத்துக்கு 1 அங்குலச் சட்டத்தை நீளமாகப் போடாமல் துண்டுகளாக வெட்டி, துண்டுகளுக்கிடையே 2 அங்குலம் வெளி விட்டோம். இரண்டு பேனல் சந்திக்கும் கோட்டில் மட்டும் வெளி விழக்கூடாது. அங்கே ஓரம் பூட்டப் பிடிமானம் வேண்டும். வரிசைக்கு வரிசை 16 அங்குலம், மொத்தம் ஏழு வரிசை. கறையான் மருந்து பூசிய மரம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் தடித்த பொலித்தீன் பட்டி. நைலான் பிளக்கில் துருப்பிடிக்காத திருகாணி. சுவர் முழுவதையும் பொலித்தீனால் மூடலாமே என்று உதவியாளர் கேட்டார். மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

பேனலையும் பசையில்லாமல், வரிகளுக்கிடையே உள்ள கறுப்பு விரிப்பினூடாகக் கறுப்புத் திருகாணியால் சட்டத்தில் பூட்டினோம். இரண்டு முழம் தள்ளி நின்றால் தலை தெரியாது. எங்கள் பக்கத்தில் கறையான் இருக்கிறதே, அதற்காகவே நான் திருகாணியை விடமாட்டேன். ஒட்டிய பேனலின் பின்னால் மண்கோடு ஏறினால், எம்.டி.எஃப் ஓடாகும்வரை தெரியாது. பூட்டியதைக் கழற்றிப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த, நாடா சுத்தமாகக் கழன்று வரும் உட்சுவரில் நானும் பசையால் ஒட்டியிருக்கிறேன். அங்கே அது போதும்.

பேனலின் அடியைத் தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் தூக்கி வைத்தோம். எம்.டி.எஃப் ஓரம் ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. கடையைக் கழுவும் தண்ணீரும் அங்கேதான் படும். மேலே கூரையோரத்திலும் திறந்தே விட்டோம். மாரி முடிந்து தை மாதம் ஓரப் பேனல் ஒன்றைக் கழற்றினோம். கொத்திய இடத்தில் கொஞ்சம் உப்புப் பொடி உதிர்ந்து கீழே கிடந்தது. சட்டம் உலர்ந்திருந்தது, மண்கோடு இல்லை.

உரிமையாளருக்கு அந்த அடி இடைவெளி மட்டும் பிடிக்கவில்லை. பீடிங் அடித்து மூடித் தரச் சொன்னார். மூடினால் காற்று நின்றுவிடும் என்று விளக்கி, இடைக்கிடையே நீள்துளை வெட்டிய ஒரு பட்டியைச் செய்து, அதையும் திருகாணியிலேயே பூட்டிக் கொடுத்தேன்.